பிரசவ நெருக்கத்தில் கசியும் நீர்: சிறுநீரா, வெள்ளைப்படுதலா, பனிக்குட நீரா?

பனிக்குடம் பெரிதாக உடைந்து கால் வழியே தண்ணீர் கொட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது. உடனே கிளம்பிவிடுவார்கள். குழப்பம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசியும்போதுதான். உள்ளாடை நனைந்திருக்கிறது, வலி இல்லை, குழந்தை வழக்கம்போல அசைகிறது. "கடைசி மாசத்துல ஒன்னுக்கு தானா போகும்மா, படு" என்று மாமியார் சொல்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் சில சமயம் தவறாகிவிடும். அந்தச் சில சமயங்களை வீட்டிலேயே எப்படிச் சந்தேகிப்பது, எப்போது சோதித்துப் பார்க்காமலே கிளம்புவது என்பதைப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வீட்டுச் சோதனை, "போகத்தான் வேண்டும்" என்று உங்களுக்குச் சொல்ல முடியும். "போக வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது. அதற்கு உள்ளே பார்க்கும் கருவியும் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும்.

கசிவு ஏன் இவ்வளவு குழப்புகிறது

36 வாரத்தை ஒட்டி பனிக்குடத்தில் சுமார் 800 மில்லி நீர் இருக்கும். பிரசவ நாள் நெருங்கும்போது அது 600 மில்லி அளவுக்குக் குறையும். கிழிசல் குழந்தையின் தலைக்குக் கீழே, கருப்பை வாயை ஒட்டி விழுந்தால் தண்ணீர் ஒரே வீச்சில் வரும். கிழிசல் சிறியதாக, மேலே பக்கவாட்டில் விழுந்தால் நீர் கருப்பைச் சுவரை ஒட்டி மெல்ல இறங்கும். அந்த நேரம் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் நன்றாக இறங்கியிருந்தால், பாட்டிலுக்குக் கார்க் போட்டதுபோல அதுவே வழியை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு மறுபடி வரும்.

"வந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு, அதனால அது பனிக்குடத் தண்ணி இல்லை" என்று முடிவு செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். அதேபோல, படுத்திருக்கும்போது நீர் யோனிக்குள் தேங்கி நிற்கும். எழுந்து நின்றதும் தேங்கியது மொத்தமாக வெளியே வரும். இந்தப் "படுத்தால் தேங்கும், எழுந்தால் வடியும்" என்ற போக்குதான் வீட்டில் நமக்குக் கிடைக்கும் நல்ல தடயம். நிறத்தையும் வாடையையும் விட நான் இதையே அதிகம் நம்புவேன்.

சோதித்துப் பார்க்காமலே கிளம்ப வேண்டிய நேரங்கள்

நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். துணியை மாற்றிவிட்டு உடனே கிளம்புங்கள். சிவப்பாக ரத்தம் வடிந்தாலும் அப்படித்தான். சளியோடு இளஞ்சிவப்புக் கோடு கலந்து வருவது வேறு, மாதவிலக்குபோல ரத்தம் வருவது வேறு. கெட்ட வாடை, 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் வலி, குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதாகத் தோன்றுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

37 வாரம் முடியாதவர்களும் சோதனையில் நேரம் போக்கக் கூடாது. கணக்கு சுலபம்: அட்டையில் எழுதியிருக்கும் பிரசவத் தேதியிலிருந்து 21 நாள் பின்னால் போங்கள். ஆகஸ்ட் 20 என்று தேதி கொடுத்திருந்தால் ஜூலை 30 அன்று 37 வாரம் முடிகிறது. அதற்கு முந்தைய கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 34 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டியும் வரலாம். இதற்கெல்லாம் நேரம் தேவை.

கடைசி ஸ்கேனில் குழந்தை கால் கீழாகவோ குறுக்காகவோ இருப்பதாகச் சொல்லியிருந்தால், பனிக்குட நீர் அதிகம் என்றோ தலை இன்னும் மேலேயே இருக்கிறது என்றோ சொல்லியிருந்தால், நீர் வெளியேறும்போது தொப்புள்கொடி கீழே நழுவும் ஆபத்து கூடுதல். இவர்களும் நேராகக் கிளம்ப வேண்டும். யோனி வாயில் வழுவழுப்பாகக் கயிறு போல ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது துடிப்பது தெரிந்தால், அது தொப்புள்கொடியாக இருக்கலாம். அதைக் கையால் உள்ளே தள்ளாதீர்கள், திரும்பத் திரும்பத் தொடவும் வேண்டாம். முழங்காலையும் நெஞ்சையும் படுக்கையில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கிய நிலையில் இருந்துகொண்டு யாரையாவது 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வண்டியில் இடது பக்கமாகப் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணைகளை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். இது அரிதானதுதான், ஆனால் நடந்தால் நிமிடங்கள் முக்கியம்.

இவை எதுவும் இல்லை, 37 வாரம் முடிந்துவிட்டது, லேசான ஈரம்தான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

முதல் படி: நேரத்தைக் குறித்து, நனைந்ததைப் பாருங்கள்

முதல் ஈரம் தெரிந்த நேரத்தை ஃபோனிலோ காகிதத்திலோ எழுதுங்கள். பின்னால் மருத்துவமனையில் "எத்தனை மணிக்குத் தண்ணி உடைஞ்சது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆன்டிபயாடிக் எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கு.

இப்போது நனைந்த துணியைப் பாருங்கள். வெள்ளைப்படுதல் துணியின் மேலேயே படிந்து நிற்கும். பால் நிறமாகவோ முட்டை வெள்ளைக்கரு போலவோ, விரலில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும். கடைசி வாரங்களில் இது நிறையவே வரும், ஆனால் துணி நனைந்து மறுபக்கம் தெரிகிற அளவுக்கு வராது. தயிர்த் திப்பி போல வந்து அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்று, சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போய் மீன் கவுச்சி அடித்தால் வேறொரு தொற்று. இரண்டையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஜெல்லி போலக் கட்டியாக, சிறிது ரத்தக் கோட்டுடன் வருவது கருப்பை வாயை அடைத்திருந்த சளி. பிரசவம் நெருங்குவதன் அறிகுறி அது, பனிக்குடம் உடைந்ததற்கு அடையாளம் அல்ல. முந்தின இரவு கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் மறுநாள் காலை வரை விந்து நீர் கசியலாம். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் செவிலியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில சோதனைகளை அது ஏமாற்றிவிடும்.

சிறுநீருக்கு நிறமும் வாடையும் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நாள் முழுவதும் நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும், வாடையும் தெரியாது. பனிக்குட நீரும் எப்போதும் தெளிவாகவே இருக்காது. லேசான வைக்கோல் நிறம், இளஞ்சிவப்பு, வெள்ளைத் துகள்கள் எல்லாம் வரலாம். சிறுநீரோடு கலந்தும் வரும். அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: காலி செய்து, துடைத்து, துணி வையுங்கள்

கழிவறைக்குப் போய்ச் சிறுநீர்ப்பையை முழுதாகக் காலி செய்யுங்கள். வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். உள்ளே விரல் விட்டுக் கழுவ வேண்டாம், சோப்பும் வேண்டாம். பிறகு உலர்ந்த உள்ளாடை அணிந்து, துவைத்து வெயிலில் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை நான்காக மடித்து வையுங்கள்.

கடையில் வாங்கும் நாப்கின் இருக்கிறதே என்று தோன்றலாம். அதில் பெரும்பாலானவற்றில் ஈரத்தை உறிஞ்சி ஜெல் ஆக்கும் துகள்கள் இருக்கின்றன. நனைந்தாலும் மேல்பரப்பு காய்ந்ததுபோலத் தெரியும், நிறமும் உள்ளே மறைந்துவிடும். மாதவிலக்குக்கு அது வசதி, இங்கே இடைஞ்சல். வேறு வழியில்லை என்றால் வாசனை சேர்க்காத, பஞ்சு வைத்த பேட் பயன்படுத்துங்கள். உள்ளே செருகும் டாம்பூன் கூடவே கூடாது, தொற்றுக்கு வழி செய்யும்.

மூன்றாம் படி: படுங்கள், எழுங்கள், இருமுங்கள்

அரை மணி நேரம் இடது பக்கமாகப் படுத்திருங்கள். அந்த நேரத்தில் குழந்தையின் அசைவைக் கவனித்துக்கொள்ளலாம். பிறகு மெல்ல எழுந்து நில்லுங்கள். எழும்போது தொடை வழியே வெதுவெதுப்பாக ஏதாவது இறங்குகிறதா? இறங்கினால், பாதியில் சிறுநீரை அடக்குவதுபோல அடியைச் சுருக்கிப் பாருங்கள். சிறுநீர் என்றால் பெரும்பாலும் நிற்கும், இல்லையென்றால் குறையும். பனிக்குட நீர் அதற்குக் கட்டுப்படாது. அப்புறம் இரண்டு முறை இருமிவிட்டுத் துணியை எடுத்துப் பாருங்கள்.

இருமும்போது மட்டும், அல்லது தும்மும்போதும் சிரிக்கும்போதும் மட்டும் ஒரு துளி வந்து நின்றுவிடுகிறது, படுத்து எழுந்ததில் ஒன்றும் இல்லை என்றால் அது சிறுநீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் வருவது அது. ஆனால் இருமல் மட்டுமே பிரித்துக் காட்டாது, ஏனென்றால் இருமினால் பனிக்குட நீரும் வெளியே தள்ளப்படும். இருமாமலும் வருகிறதா, படுத்து எழுந்தால் வருகிறதா என்பதுதான் கேள்வி.

துணி காய்ந்தே இருந்தால் இன்னொரு உலர்ந்த துணியை வைத்து, வீட்டுக்குள் நடமாடியபடி ஒரு மணி நேரம் பாருங்கள். அதிலும் ஈரமில்லை என்றால் இப்போதைக்கு அவசரம் இல்லை, அன்றைய பகலிலேயே செவிலியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒரு முறை துணி நனைந்தாலும், அல்லது காய்ந்திருந்து அப்புறம் மறுபடி ஈரம் தெரிந்தாலும், கிளம்பிவிடுங்கள். மூன்றாவது தடவை, நான்காவது தடவை என்று சோதித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

ஒரு உதாரணம்

பிரசவத் தேதி ஜூன் 18 கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5, அதாவது 38 வாரம் 1 நாள். அதிகாலை 4.30-க்கு எழும்போது பாவாடையும் விரிப்பும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருக்கின்றன. வாடை எதுவும் இல்லை. "தூக்கத்துல போயிட்ட போல" என்கிறார் அம்மா. அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சிறுநீர் கழித்துவிட்டு, துடைத்து, துணி வைத்து 4.50-க்குப் படுக்கிறாள். 5.20-க்கு எழுந்து நிற்கும்போது தொடையில் சூடாக இறங்குகிறது. அடக்கிப் பார்க்கிறாள், நிற்கவில்லை. துணியில் ஈரம் நன்றாகப் பரவி மறுபக்கமும் தெரிகிறது. ஓரத்தில் மட்டும் லேசான இளஞ்சிவப்பு. வலி இல்லை, குழந்தை அசைகிறது.

இது போதும், அவள் கிளம்பலாம். நனைந்த துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போகிறாள், நிறத்தை அங்கே அவர்களே பார்க்கட்டும் என்று.

மருத்துவமனையில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்கள். பிறகு கிருமி நீக்கிய ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இருமச் சொன்னாலும் வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து வந்ததில் தேங்கியிருந்தது வடிந்துவிட்டது. ஸ்கேனில் நீரின் அளவும் சரியாக இருக்கிறது. இந்த இடத்தில் "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. அவள் துணியைக் காட்டி, எழுந்ததும் வடிந்ததைச் சொல்கிறாள். ஒரு மணி நேரம் படுக்க வைத்து மறுபடி பார்க்கிறார்கள். இப்போது யோனியின் பின்பக்கக் குழிவில் தெளிந்த நீர் தேங்கி நிற்கிறது. பனிக்குடம் உடைந்தது உறுதி, உடைந்த நேரம் 4.30 என்று எழுதுகிறார்கள்.

ஸ்கேனில் நீர் சரியாக இருந்ததே, அப்புறம் எப்படி? குழந்தை சிறுநீர் கழிப்பதால்தான் பனிக்குட நீர் பெரும்பாலும் உண்டாகிறது, அது தொடர்ந்து ஊறிக்கொண்டே இருக்கும். சிறு கசிவில் அளவு குறையாமலே இருக்கலாம். "தண்ணி எல்லாம் வத்திப்போச்சு, குழந்தை காஞ்சிடும்" என்ற பயத்துக்கும் இதுவே பதில்.

மருத்துவமனையில் செய்யும் சோதனைகள், அவற்றின் எல்லைகள்

நீர் தேங்கி நிற்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் தெளிவான ஆதாரம். சந்தேகம் என்றால் நைட்ரசின் காகிதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். யோனி இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது, பனிக்குட நீர் அப்படி இல்லை. எனவே பனிக்குட நீர் பட்டால் மஞ்சள் காகிதம் நீலமாகும். ஆனால் ரத்தம், விந்து, சோப்பு, சில தொற்றுகள் இருந்தாலும் நீலமாகிவிடும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பனிக்குட நீர் பெரணி இலை போன்ற வடிவத்தில் காய்ந்திருக்கும். பனிக்குட நீரில் உள்ள புரதத்தைக் கண்டுபிடிக்கும் கிட் சில மருத்துவமனைகளில் உண்டு, நம்பகமானதுதான், விலை கொஞ்சம் அதிகம்.

பிரசவ வலி தொடங்காத நிலையில் விரல் விட்டுப் பார்ப்பதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கீழிருக்கும் கிருமி மேலே போக வாய்ப்புண்டு. "டாக்டர் கை வச்சுப் பாக்கவே இல்லை" என்று குறைப்பட வேண்டாம், அது நல்ல கவனிப்பு.

37 வாரத்துக்குப் பிறகு, வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைவது 100 கர்ப்பங்களில் சுமார் 8-ல் நடக்கிறது. அவர்களில் 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாக வலி வந்துவிடும். சில இடங்களில் அதுவரை பார்ப்பார்கள், பல இடங்களில் சீக்கிரமே மருந்து கொடுத்து வலியை வரவைப்பார்கள். நேரம் போகப் போகத் தொற்று வாய்ப்பு கூடுவதுதான் காரணம். 18 மணி நேரம் தாண்டினால் ஆன்டிபயாடிக் கொடுப்பது பொதுவான வழக்கம்.

கிளம்பும்போதும் திரும்பியபோதும்

குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, விடிந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். உடம்பைத் துடைத்துக்கொண்டால் போதும், தொட்டியில் உட்கார்ந்து குளிக்க வேண்டாம். உடலுறவு கூடாது. கர்ப்பகால அட்டை, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றுத் துணி, நனைந்த துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வண்டிக்கு 108. அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-இல் பேசிக் கேட்கலாம், உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைக்கலாம். அறுவைப் பிரசவம் தேவைப்பட்டால் அங்கேயே செய்ய முடிகிற மருத்துவமனைக்குப் போவது நல்லது. முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் இது கட்டாயம்.

சோதித்துவிட்டு "பனிக்குடம் உடையவில்லை" என்று அனுப்பினால், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்களா எனக் கேளுங்கள். அடக்க முடியாமல் சிறுநீர் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்தபின் அடுத்த இரண்டு நாளும் அதே வெள்ளைத் துணியை வைத்து, நனைகிறதா என்று பாருங்கள். காலை, மாலை இரு வேளையும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணி மறுபடி நனைந்தாலோ, நீரின் நிறம் மாறினாலோ, அசைவு குறைந்தாலோ, நடுராத்திரி ஆனாலும் அதே லேபர் வார்டுக்குப் போய், "நேற்று பார்த்தீர்கள், இன்று மறுபடி வருகிறது, இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள்.